வீட்ல பிளீச் பண்ணி திட்டுத்திட்டா ஆரஞ்சு ஆன தலை: ஒரு கேஸ், முழுசா

22 வயசுப் பொண்ணு. தோளுக்குக் கீழ ஒரு சாண் முடி, அடர்த்தி ஜாஸ்தி, இயற்கை நிறம் நல்ல கருப்பு. சில்வர் கிரே வேணும்னு ஆசை. ஆன்லைன்ல பிளீச் பவுடரும், அதோட கலக்கற 40 வால்யூம் டெவலப்பரும், அதாவது ரொம்ப ஸ்ட்ராங்கான பெராக்சைடும் வாங்கி ரூம்மேட்ட வெச்சு போட்டிருக்கா. எங்க பார்லருக்கு வந்தப்ப தலை இருந்த லட்சணம் இதுதான்: நெத்தி ஓரத்துலயும் உச்சியிலயும் வேர்லேர்ந்து ரெண்டு விரல் அகலத்துக்கு பளீர்னு மஞ்சள், அதுக்குக் கீழ நடு முடி முழுக்க வெளிர் ஆரஞ்சு, அந்த ஆரஞ்சுக்கு நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு செங்கல் கலர்ல மூணு திட்டு (இடது காதுக்கு மேல ஒண்ணு, பின்னந்தலையில ஒண்ணு, பிடரி பக்கம் அடி லேயர்ல ஒண்ணு), கடைசி நாலு விரல் நுனியில பிளீச் போட்ட மாதிரியே தெரியல, கருப்பு பிரவுனாவே இருக்கு.

வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரமா பர்பிள் ஷாம்பு போட்டுட்டு இருந்திருக்கா, அதுல ஆரஞ்சு ஒரு துளி கூட அசையல, மஞ்சள் மட்டும் கொஞ்சம் மங்கிப்போச்சு, அதனால திட்டு இன்னும் எடுப்பா தெரிய ஆரம்பிச்சிடுச்சு. உக்காந்ததும் கேட்டது, "அக்கா, ஆஷ் டோனர் ஒண்ணு போட்டு விட்டுருங்க, எல்லாம் ஒரே கலர் ஆயிடும்ல?"

ஆகாதுமா. இந்த மாதிரி கேஸ் எல்லாத்துலயும் சிக்கலே இங்கதான் இருக்கு. பாக்கறவங்களுக்கு இது கலர் பிரச்சனையா தெரியுது, ஆனா நிஜத்துல இது லெவல் பிரச்சனை. ஒரு இடம் எவ்ளோ வெளுத்திருக்குங்கறத நாங்க 1லேர்ந்து 10 வரைக்கும் கணக்கு வெப்போம், 1 அட்டக்கருப்பு, 10 உரிச்ச வாழைப்பழத் தோலோட உள்பக்கம் இருக்குமே அந்த வெளுப்பு. இவளோட இயற்கை முடி 2. பிளீச் போடும்போது முடிக்குள்ள இருக்கற கருப்பு பிரவுன் நிறமி முதல்ல உடையும், சிவப்பு மஞ்சள் நிறமி லேசுல உடையாது, அது அடம்பிடிச்சுட்டு கடைசி வரைக்கும் நிக்கும். அதனால கருப்பு முடி வெளுக்கும்போது சிவப்பு, செங்கல், ஆரஞ்சு, மஞ்சள் கலந்த ஆரஞ்சு, மஞ்சள், வெளிர் மஞ்சள்னு வரிசையா தாண்டித்தான் போகும், எந்த ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சோ அந்த கலர்தான் உங்களுக்குத் தெரியும். இவ தலையில திட்டு 5ல நின்னுடுச்சு, நடு முடி 7, வேர்ப்பக்கம் 9.

டோனர்ங்கறது கலர் சேக்கும், ஆனா வெளுக்க வெக்காது. 9ம் லெவல் சில்வர் டோனர 5ல இருக்கற செங்கல் திட்டு மேல போட்டா ஒண்ணுமே தெரியாது, அதையே பக்கத்துல 9ல இருக்கற மஞ்சள் மேல போட்டா கும்முனு பிடிச்சுக்கும், ஆக வித்தியாசம் குறையறதுக்கு பதிலா கூடத்தான் செய்யும். பர்பிள் ஷாம்புவும் அதே கதைதான், பர்பிள் மஞ்சளத்தான் அடக்கும், ஆரஞ்ச அடக்கணும்னா நீலம் வேணும். சரி அப்ப தலை பூரா நீலம் போட்டா? ஆரஞ்சு அடங்கும், பக்கத்துல இருக்கற மஞ்சள் பச்சையாயிடும். சின்ன வயசுல வாட்டர் கலர்ல கலந்து பாத்த அதே கணக்குதான். அதனால முதல்ல லெவல சமமாக்கணும், கலர் பத்தின பேச்சு அதுக்கப்புறம்தான்.

இப்டி ஏன் ஆச்சுன்னு அவகிட்ட ஒவ்வொண்ணா கேட்டேன், ஏன்னா திட்டு எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அந்த இடத்துல மறுபடி பிளீச் போடலாமா வேணாமான்னு சொல்ல முடியும். முதல்ல வேர். மண்டைத்தோல்ல சூடு இருக்கு, அதனால வேரை ஒட்டின முடி மத்த இடத்த விட வேகமா வெளுக்கும். பார்லர்ல நடு முடிக்கு முதல்ல போட்டுட்டு வேருக்குக் கடைசியாத்தான் போடுவோம். இவங்க வேர்லேர்ந்து ஆரம்பிச்சு, அதுவும் 40 வால்யூம்ல, கீழ இழுத்துட்டுப் போயிருக்காங்க. முன்பக்கம் ஆரம்பிச்சு பின்பக்கம் முடிக்கறதுக்குள்ள முக்கால் மணி நேரம் ஓடியிருக்கு, ஆனா கழுவினது மொத்தமா ஒரே நேரத்துல. முன்னாடி போட்ட இடம் நல்லா வெந்திருக்கும், பின்னாடி அரைவேக்காடு.

திட்டுக்கு காரணம் வேற. இவ்ளோ அடர்த்தியான முடிக்கு அவ வாங்கினது 50 கிராம் பவுடர், அது பாதி தலைக்குக்கூட பத்தாது. பத்தலைன்னதும் மெலிசா தடவி இழுத்திருக்காங்க, செக்‌ஷனும் தடிமன், மேல தெரியற முடியில பட்டிருக்கு, உள்ள இருக்கறதுல படல. அதோட நாத்தம் தாங்காம மேல ஃபேன வேற ஃபுல்லா ஓட விட்டிருக்காங்க. பிளீச் ஈரமா இருக்கற வரைக்கும்தான் வேலை செய்யும், காஞ்சு பொருக்கு தட்டிடுச்சுன்னா அதோட நின்னுடும். ஜன்னலத் தொறந்து வெக்கணும், அது கட்டாயம், அந்த பவுடர் தூசிய மூச்சுல இழுத்தா வீசிங் இருக்கறவங்களுக்கு ரொம்ப மோசம், ஆனா தலைக்கு நேர ஃபேன் கூடாது.

நுனி கதை தனி. முடி மாசத்துக்கு சுமாரா ஒண்ணேகால் சென்டிமீட்டர் வளரும், வருஷத்துக்கு 15 சென்டிமீட்டர்னு வெச்சுக்கலாம். அவளுக்கு மொத்த நீளம் 45 சென்டிமீட்டர் கிட்ட, ஆக நுனியில இருக்கறது மூணு வருஷத்துக்கு முந்தின முடி, அந்த நாலு விரல் கருப்பு ஆரம்பிக்கற இடம் ரெண்டரை வருஷத்துக்கு முந்தினது. "ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி ஏதாவது டை அடிச்சியா?"ன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆமாக்கா, காலேஜ் சேர்ந்த புதுசுல டார்க் பிரவுன் டப்பா டை ஒரு தடவை போட்டேன், அது எப்பவோ போயிடுச்சே" அப்டின்னா. போகலமா, அங்கதான் இருக்கு. பர்மனென்ட் டை வெளிய மங்கினாலும் உள்ள இருக்கும், பிளீச் அத ஒழுங்கா வெளுக்காது, மிஞ்சிப்போனா செங்கல் சிவப்பு வரைக்கும் போய் முட்டிக்கிட்டு நிக்கும்.

மருதாணி, கருப்பு மெஹந்தி பவுடர் ஏதாவது உண்டான்னும் கேட்டேன், இல்லைன்னுட்டா. இத ஏன் கேக்கணும்னா, சில மட்டமான ஹெர்பல் டை பவுடர்ல உலோக உப்பு இருக்கும், அது டெவலப்பரோட சேந்தா சூடாகி நுரைச்சு முடியவே கரைச்சிடும். சந்தேகம் இருந்தா சீப்புல உதிர்ற முடிய கொஞ்சம் சேத்து பிளீச் கலவையில போட்டுப் பாருங்க, கிண்ணம் சூடாச்சுன்னா அந்த தலையில பிளீச்சே கிடையாது, அவ்ளோதான்.

அன்னிக்கு நான் எதுவும் போடல. உச்சியில ரெண்டு இடத்துல பொருக்கு காயம், 40 வால்யூம் மண்டைத்தோல்ல நேரா பட்ட வேலை. புண்ணு மேல பிளீச்சும் போடக்கூடாது, டோனரும் போடக்கூடாது. ஆறிட்டு வான்னு சொல்லி, மூணு திட்டுலேர்ந்தும் நாலஞ்சு முடி மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன், காதுக்குப் பின்னாடி டோனர் அலர்ஜிக்கு ஒரு பேட்ச் டெஸ்டும் போட்டு அனுப்பினேன். அத 48 மணி நேரம் கழிச்சு பாக்கணும்.

அந்த முடிய வெச்சுதான் நிஜ முடிவு எடுத்தது. முதல்ல இழுத்துப் பாக்கறது. ஒரு முடிய நனைச்சு ரெண்டு விரலால மெதுவா இழுக்கணும், நல்ல முடின்னா கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு திரும்பிடும். திரும்பாம ரப்பர் மாதிரி நீண்டுக்கிட்டே போச்சுன்னாலோ, கையில வழவழன்னு கோந்து மாதிரி இருந்தாலோ அந்த முடியில மறுபடி பிளீச் வெக்கறது அத அறுக்கறதுக்கு சமம். காதுக்கு மேல இருந்த திட்டும் பின்னந்தலை திட்டும் பாஸ். பிடரி திட்டு சுமார், நீண்டுட்டு பாதிதான் திரும்புச்சு. அந்த இடத்துல பத்தாத முடிய சரி பண்றேன்னு ரூம்மேட் ரெண்டாவது ரவுண்டு போட்டிருக்கான்னு பின்னாடி தெரிஞ்சுது. அடுத்தது, அதே முடியில 20 வால்யூம்ல பிளீச் வெச்சு எவ்ளோ நேரத்துல எங்க போகுதுன்னு பாத்தேன். முதல் ரெண்டும் அரை மணி நேரத்துக்குள்ள 7க்கு வந்துடுச்சு. மூணாவது 6 வரைக்கும் வந்து அங்கயே நின்னுடுச்சு, முடியும் சொரசொரன்னு ஆயிடுச்சு.

இப்ப டார்கெட் எதுன்னு முடிவு பண்ணணும். சில்வருக்கு தலை பூரா 10 கிட்ட வரணும், இந்த தலையில அது இப்ப நடக்காது. எல்லாத்தையும் மேல தூக்கறதுக்கு பதிலா நடுவுல சந்திக்க வெச்சா போதும்: 5ல இருக்கற திட்ட 7க்கு ஏத்தணும், 9ல இருக்கற வேர 7க்கு இறக்கணும், நடு முடி ஏற்கனவே 7லதான் இருக்கு, அதுக்கு பிளீச்சே வேணாம். நுனி நாலு விரல் வெட்டணும், ஏன்னா மேல வெளுத்து கீழ கருத்து தொங்கினா அது எந்த ஸ்டைல்லயும் சேராது. பிடரி திட்டு அடி லேயர்ல மறைஞ்சுதான் இருக்கு, அத தொடவே வேணாம், டோனர் போடும்போது கொஞ்சம் இருட்டா இருந்துட்டுப் போகட்டும். "சில்வர் இல்லையாக்கா?"ன்னு முகம் சுண்டிப்போச்சு. ஆஷ் கலந்த பீஜ் பிரவுன் வரும்னு ஷேட் கார்டுல காட்டினதும் சரின்னா.

காயம் ஆறி வந்த அன்னிக்கு முதல் வேலை ஷாம்பு. அவ தங்கியிருந்தது தாம்பரம் பக்கம், போர் தண்ணி, பக்கெட்டுல காவிக்கறை படியற அளவுக்கு இரும்பு இருக்கற தண்ணி. அந்த மாதிரி தண்ணியில இருக்கற இரும்பு, செம்பு எல்லாம் முடியில ஒட்டிக்கிட்டு பிளீச்சோட சேந்து முடிய கூடுதலா கெடுக்கும். அதனால உப்பு எடுக்கறதுக்குன்னே வர்ற கீலேட்டிங் ஷாம்புவால முடிய மட்டும் அலசினேன், மண்டைய தேய்க்கல. நல்லா காய வெச்சு பகல் வெளிச்சத்துல ஜன்னலோரம் உக்கார வெச்சுதான் லெவல் பாத்தேன். ஈர முடி நிஜத்த விட இருட்டா தெரியும், மஞ்சள் பல்ப் வெளிச்சத்துல எல்லாமே ஆரஞ்சா தெரியும், ரெண்டையும் நம்பக்கூடாது.

திட்டுக்கு பிளீச் வெக்கறதுதான் இதுல கை வேலை. 15 கிராம் பவுடர், 30 மில்லி 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீதம். கலவை வழியக்கூடாது, பிரஷ்ல எடுத்தா நிக்கணும், தயிர விட கெட்டியா. திட்டு இருக்கற இடத்துல அரை சென்டிமீட்டருக்கும் மெலிசா செக்‌ஷன் எடுத்து, அடியில பஞ்சு பட்டை ஒண்ணு விரிச்சு, ஆரஞ்சுக்கும் செங்கலுக்கும் நடுவுல இருக்கற கோட்டுக்கு மேலயும் கீழயும் இருக்கற வெளுத்த முடியில கண்டிஷனர கெட்டியா பூசிடணும், அதுதான் வேலி. பிறகு செங்கல் பாகத்துல மட்டும் பிளீச்ச வெச்சு, கோட்டுக்கு அரை விரல் முன்னாடியே நிறுத்தணும். ஏன்னா பிளீச் ஊறும்போது உப்பி தானாவே கொஞ்சம் பரவும், கோடு வரைக்கும் வெச்சீங்கன்னா அது தாண்டி வெளுத்த முடியில ஏறி புதுசா ஒரு மஞ்சள் கோடு போட்டுடும், ஒரு திட்ட சரி பண்ணப் போய் ரெண்டாயிடும். மேல கிளிங் ஃபிலிம் ஒரு துண்டு, காயாம இருக்கறதுக்கு. சூடு காட்டல, டிரையர் கிடையாது.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈரப் பஞ்சால ஒரு இழைய மட்டும் துடைச்சுப் பாக்கணும். பிளீச் மேல இருக்கும்போது தெரியற கலர் பொய், துடைச்சாத்தான் தெரியும். காது திட்டு 20 நிமிஷத்துல பக்கத்து முடியோட சேந்துடுச்சு, உடனே அத மட்டும் துடைச்சு எடுத்தேன். பின்னந்தலை திட்டுல மேல்பாதி வந்துடுச்சு, கீழ்பாதி பிடிவாதமா இருந்துச்சு. அங்க காஞ்ச கலவைய துடைச்சுட்டு புதுசா கொஞ்சம் வெச்சேன், மொத்தம் அரை மணி நேரத்த கொஞ்சம் தாண்டி 7ஐ ஒட்டி வந்து நின்னுச்சு. மறுபடி ஒரு முடி நனைச்சு இழுத்துப் பாத்தேன், திரும்புச்சு, அதோட விட்டேன். இன்னும் பத்து நிமிஷம் விட்டா இன்னும் நல்லா வந்திருக்கும்தான், ஆனா மீதி இருக்கற அரை லெவல் வித்தியாசத்த டோனர் மூடிடும், அதுக்காக முடிய பணயம் வெக்கறதுல அர்த்தமில்ல.

அலசி துண்டால ஒத்தி எடுத்ததுக்கப்புறம் டோனர், ரெண்டு கிண்ணத்துல. இதுதான் பலர் விட்டுடற இடம். நடு முடிக்கும் சரி பண்ண திட்டுக்கும் ஆரஞ்ச அடக்கணும், அதனால முதல் கிண்ணத்துல 7.1 பாதி, 7.0 பாதி. புள்ளிக்கு அப்புறம் வர்ற 1 ஆஷ், 0 நார்மல். இந்த 1ல நீலமா பச்சையா வயலட்டா எது அடிப்படைங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், நீல அடிப்படை இருக்கறதா பாத்து வாங்கணும். வேர்ல இருக்கற மஞ்சளுக்கு இதையே போட்டா சாம்பல் பச்சை அடிக்கும், ஏன்னா அங்க அடக்கறதுக்கு ஆரஞ்சே இல்ல, அது முழுக்க வெளியேறிடுச்சு. 9லேர்ந்து 7க்கு இறக்கணும்னா வெளியேறிப்போன அந்த ஆரஞ்சு, கோல்டன் சாயல கொஞ்சம் திருப்பிக் குடுக்கணும். அதனால ரெண்டாவது கிண்ணத்துல 7.0 முக்கால் பங்கு, கோல்டன் 7.3 கால் பங்கு, ஆஷ் ஒரு சொட்டு கூட இல்ல. ரெண்டுமே டெமி பர்மனென்ட், அதாவது சில வாரத்துல மெதுவா கழண்டு போற கலர், டெவலப்பர் அதே கம்பெனியோட 2 சதவீதம் கிட்ட இருக்கற லோ வால்யூம், அளவு பாக்கெட்டுல போட்டிருக்கற மாதிரி.

முதல்ல ஆரஞ்சு பாகத்துக்கு போட்டு பத்து நிமிஷம் விட்டேன், அப்புறம்தான் வேருக்கு. ரொம்ப வெளுத்த முடி ஓட்டை விழுந்த முடி, கலர பஞ்சா உறிஞ்சிக்கும், ரெண்டுக்கும் ஒரே நேரத்துல போட்டா வேர் முந்திக்கிட்டு இருண்டு போயிடும். நடு முடிக்கு மொத்தம் 20 நிமிஷம், வேருக்கு அதுல பாதி. பிடரி திட்டுல முதல் கிண்ணத்தையே போட்டேன், பிளீச் போடாததால 5லதான் இருக்கு, இருண்ட ஆரஞ்சு கொஞ்சம் அடங்கி பிரவுன் பக்கம் வந்துச்சு. நுனிய வெட்டி காய வெச்சதும் முடிய விரிச்சுப் போட்டா எந்த இடத்துல திட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அவ அம்மாவுக்குத் தெரியல. முடிய தூக்கிக் கட்டினா மட்டும் பிடரியில ஒரு இருட்டு தெரியும்.

பார்லர் வேணாம், வீட்லயே சரி பண்ணிக்கறேன்னு சொல்றவங்களுக்கு: திட்டுக்கு தனியா பிளீச் வெக்கற வேலைய சொந்தக் கையால உங்க பின்னந்தலையில செய்யவே முடியாது, அத விட்டுடுங்க. வீட்ல செய்யக்கூடியது இருட்டாக்கறதுதான். தலையிலேயே இருட்டா இருக்கற திட்டு எந்த லெவல்ல இருக்கோ அதுக்கு, இல்ல அதுக்கும் ஒரு லெவல் கீழ டெமி பர்மனென்ட் பிரவுன் வாங்கணும். நார்மலா, லேசா ஆஷ் இருக்கறதா பாருங்க, முழு ஆஷ் வேணாம். பிளீச் ஆன முடியில டப்பா படத்துல இருக்கறத விட இருட்டாத்தான் வரும், அத கணக்குல எடுத்துக்கோங்க. ஆரஞ்சு இடத்துக்கு முதல்ல, மஞ்சளுக்கு கடைசியா. மஞ்சள் ரொம்ப வெளுப்பா இருந்தா அங்க மட்டும் கோல்டன் பிரவுன் கலந்துக்கணும், இல்லன்னா பச்சை அடிக்கும். காதுக்குப் பின்னாடி மறைவா ஒரு இழையில போட்டுப் பாத்துட்டு அப்புறம் இறங்குங்க. எலுமிச்சை, வினிகர், பேக்கிங் சோடா இதெல்லாம் வேணாம், ஏற்கனவே காஞ்ச முடிய இன்னும் காய வெக்கும், ஆரஞ்சு அப்டியேதான் இருக்கும்.

வீட்டுக்குப் போகும்போது சொன்னது ரெண்டே விஷயம். வாரத்துக்கு ஒரு தடவை ப்ளூ ஷாம்பு, நடு முடிக்கு மட்டும், வேருக்குப் படக்கூடாது. கடைசி அலசலுக்கு ஒரு மக்கு கேன் தண்ணி. டோனர் எப்பவும் ரொம்ப வெளுத்த இடத்துலேர்ந்துதான் முதல்ல கழண்டு போகும், சொன்ன மாதிரியே அஞ்சாறு வாரத்துல வந்தப்ப நடு முடி அப்டியே இருந்துச்சு, வேர்லேர்ந்து கொஞ்சம் கீழ இறங்கின அந்த பழைய மஞ்சள் பட்டை மட்டும் கோல்டனா எட்டிப் பாத்துச்சு. அங்க மட்டும் ரெண்டாவது கிண்ணத்துக் கலவைய மறுபடி போட்டு விட்டேன், மத்த இடத்த தொடல. அதுக்கு மேல புதுசா கருப்பு வேர் வந்திருந்துச்சு, அதையும் அப்டியே விடச் சொன்னேன்.

"அப்ப சில்வர் எப்பக்கா?"ன்னு மறுபடி ஆரம்பிச்சா. பிடரி திட்டு வேர்லேர்ந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு, முடி இப்ப 38 சென்டிமீட்டர். அது வளந்து நுனிக்கு வந்து வெட்டுப்பட இன்னும் ஒண்ணரை வருஷம் ஆகும். அதுக்கு முன்னாடி வேணும்னா காது வரைக்கும் பாப் கட் பண்ணிக்கலாம்னேன். யோசிச்சு சொல்றேன்னு போயிருக்கா.